பார்வோ வந்த குட்டிக்கு டிரிப்: எவ்வளவு, எவ்வளவு வேகத்தில்? கணக்கு போடும் முறை முழுவதும்

பார்வோ வந்த நாய்க்குட்டியைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் நேரடியாக அல்ல. குடலின் உள்சுவரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செல்களை அது அழித்துவிடுகிறது. அதனால் உறிஞ்ச வேண்டிய குடல் உறிஞ்சாமல், உடம்பில் இருக்கும் நீரையும் உப்பையும் புரதத்தையும் வெளியே கசிய விடுகிறது. அதே நேரம் எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால் வெள்ளணுக்கள் சரிந்து, குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைய வழி கிடைக்கிறது. ஒரு பக்கம் வாந்தி, இன்னொரு பக்கம் ரத்தக் கழிச்சல். நான்கு கிலோ குட்டியின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 350 மில்லிதான், அதனால் இந்த இழப்பை அது தாங்கும் நேரம் மிகக் குறைவு.

சிகிச்சையின் முதுகெலும்பு டிரிப்தான். ஆனால் "ஒரு பாட்டில் ஏத்தியாச்சு" என்பது சிகிச்சைத் திட்டம் ஆகாது. அந்த ஒரு பாட்டில் ஒரு குட்டிக்குப் போதாது, இன்னொரு குட்டியின் நுரையீரலை மூழ்கடித்துவிடும். நரம்பில் கனுலா என்ற மெல்லிய குழாயைப் போடுவதும் மருந்து முடிவு செய்வதும் கால்நடை மருத்துவரின் வேலை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க டிரிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாணவராக இருக்கலாம், உதவியாளராக இருக்கலாம், குட்டியை மீட்டு வந்தவராகவும் இருக்கலாம். அவருக்கு இந்தக் கணக்கு புரிந்தால் எங்கே தவறு நடக்கிறது என்று நேரத்தில் தெரியும். அதற்காகத்தான் ஒரே ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு ஆரம்பம் முதல் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

நம் உதாரணக் குட்டி: பத்து வாரம், எடை சரியாக 4 கிலோ, பார்வோ பரிசோதனை பாசிட்டிவ், இரண்டு நாளாக வாந்தி, நேற்றிலிருந்து ரத்தம் கலந்த கழிச்சல்.

முதலில் தராசு

எடையை ஊகிக்கக் கூடாது. கீழே வரும் கணக்கு ஒவ்வொன்றும் எடையில் தொங்குகிறது. 3 கிலோ குட்டியை 4 என்று எழுதிவிட்டால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அதிகமாகப் போகும். கிராம் காட்டும் தராசு வேண்டும், அதே தராசைக் கடைசி வரை பயன்படுத்த வேண்டும். ஏனென்றால் நாளைக்கு நம் திட்டம் சரியா தப்பா என்று சொல்லப்போவதும் அந்தத் தராசுதான்.

எவ்வளவு காய்ந்திருக்கிறது?

நீரிழப்பைச் சதவீதமாகச் சொல்வது வழக்கம். 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது, வாந்தி கழிச்சல் இருந்தது என்ற வரலாற்றை வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 5 முதல் 6 வரை என்றால் ஈறு வழவழப்பு போய் விரலில் லேசாக ஒட்டும், தோலைக் கிள்ளி விட்டால் கொஞ்சம் மெதுவாகத் திரும்பும். 8 அளவில் தோல் கூடாரம் போல நின்று நிதானமாக இறங்கும், ஈறு காய்ந்திருக்கும், கண் லேசாக உள்ளே போயிருக்கும். 10 முதல் 12 வரை போனால் கிள்ளிய தோல் அப்படியே நிற்கும், கண் குழி விழுந்திருக்கும், நாடி பலவீனமாக இருக்கும். அதற்கு மேல் என்றால் குட்டி சாவின் விளிம்பில் இருக்கிறது.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு, அதை விட்டுவிட்டுப் போக முடியாது. தோலைக் கிள்ளிப் பார்ப்பது குட்டிகளில் அவ்வளவு நம்பகமானது அல்ல. கொழுகொழு குட்டியின் தோல், நிறைய நீர் போயிருந்தாலும் நன்றாகவே திரும்பும். எலும்பும் தோலுமாக இருக்கும் குட்டியின் தோல், நீரிழப்பு அவ்வளவு இல்லாவிட்டாலும் நின்றுவிடும். அதனால் ஈறின் ஈரம், கண், நாடி, வரலாறு எல்லாவற்றையும் சேர்த்தே ஒரு எண்ணுக்கு வர வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டே எச்சில் ஒழுகும் குட்டியின் வாய் ஈரமாகத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் இது ஒரு மதிப்பீடுதான். திருத்துவோம் என்று தெரிந்தே போடும் எண் இது.

நம் குட்டிக்கு ஈறு காய்ந்திருக்கிறது, தோல் மெதுவாக இறங்குகிறது, கண் லேசாக உள்ளே போயிருக்கிறது. 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்குக்கு முன்னால் ஷாக்

நீரிழப்பும் ஷாக்கும் ஒன்றல்ல. நீரிழப்பு என்பது திசுக்கள் முழுவதும் காய்ந்திருப்பது, அதை மணிக்கணக்கில் நிதானமாக நிரப்பலாம். ஷாக் என்பது ரத்தக் குழாய்க்குள்ளேயே போதுமான அளவு இல்லாமல் போவது, அதை நிமிடக்கணக்கில் சரி செய்ய வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா, விரலால் அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகிறதா, தொடையில் நாடி நூல் போலக் கிடைக்கிறதா, பாதம் ஜில்லென்று இருக்கிறதா, கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் கிடக்கிறதா? இவற்றில் பல சேர்ந்து இருந்தால் முதலில் போலஸ், அதாவது கொஞ்ச நேரத்தில் வேகமாக ஏற்றும் திரவம்.

போலஸ் அளவு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலை திரவம், 15 முதல் 20 நிமிடத்தில். முடிந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். நாயின் முழு ஷாக் அளவு கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி என்று படித்திருப்பீர்கள். அதை ஒரே மூச்சில் கொட்டுவதற்காகச் சொல்லவில்லை, துண்டு துண்டாகக் கொடுத்து ஒவ்வொன்றுக்குப் பிறகும் குட்டியைப் பார்த்து, தேவை தீர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலான குட்டிகளுக்கு அந்த முழு அளவு வரை போகவே தேவைப்படாது.

நம் குட்டியின் பாதம் ஜில்லென்று இருக்கிறது, ஈறின் நிறம் திரும்ப 3 விநாடி ஆகிறது. கிலோவுக்கு 15 மில்லி எடுத்தால் 60 மில்லி, 15 நிமிடத்தில். இதை டிரிப் செட்டில் சொட்டு எண்ணிக் கொடுப்பதைவிட, பெரிய சிரிஞ்சில் எடுத்து நிமிடத்துக்கு 4 மில்லி என்று கையால் தள்ளுவது சுலபம், அளவும் துல்லியமாகத் தெரியும். பார்த்தோம், கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது, ஆனால் பாதம் இன்னும் குளிர்ச்சி. இன்னொரு முறை கிலோவுக்கு 10 மில்லி, அதாவது 40 மில்லி கொடுத்தோம். இப்போது நாடி நிரம்பி வருகிறது, நிறம் 2 விநாடிக்குள் திரும்புகிறது. மொத்தம் 100 மில்லி போயிருக்கிறது. இந்த 100 என்ற எண்ணை எழுதி வையுங்கள், அடுத்த படியில் வேண்டும்.

இரண்டு போலஸுக்குப் பிறகும் அசைவே இல்லை என்றால், மூன்றாவதைத் தூக்குவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று ரத்தச் சர்க்கரை. இந்த வயதுக் குட்டியிடம் சேமிப்பு கிடையாது, டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எவ்வளவு திரவம் ஏற்றினாலும் எழுந்திருக்காது. அதற்கு டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 கிராம், நீர்க்கச் செய்து மெதுவாகக் குழாயில் போக வேண்டும். 25 சதவீதக் கரைசலாக இருந்தால் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி என்று கணக்கு வரும். இரண்டாவது உடல் வெப்பம். 37 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து போன குட்டியின் ரத்தக் குழாய்கள் போலஸுக்குச் சரியாகப் பதில் சொல்லாது. பதில் வரவில்லையே என்று மேலும் மேலும் ஏற்றிவிட்டு, அப்புறம் சூடு வந்து குழாய்கள் மறுபடி பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது திரவம் முழுக்க உள்ளேயே இருக்கும், அங்கேதான் மிகை ஆரம்பிக்கிறது. சூடுபடுத்துவதும் சின்ன போலஸும் கைகோத்துப் போக வேண்டும்.

மூன்று தண்ணீர், மூன்று கணக்கு

ஷாக் தீர்ந்த பிறகுதான் திட்டம் ஆரம்பம். இதில் மூன்று பகுதி இருக்கிறது, மூன்றையும் தனித்தனியாகப் போட்டுக் கடைசியில் கூட்ட வேண்டும். ஒன்றாகக் கலக்கி "இவ்வளவு கொடுத்துடலாம்" என்று போனால், பிறகு எதைக் குறைப்பது எதைக் கூட்டுவது என்று தெரியாமல் போய்விடும்.

முதல் பகுதி, ஏற்கெனவே போனது. எடை கிலோவில் × நீரிழப்பு சதவீதம் × 10 = மில்லி. நம் குட்டிக்கு 4 × 8 × 10 = 320 மில்லி. இதிலிருந்து போலஸாகப் போன 100 மில்லியைக் கழித்தால் மீதி 220. இதை எத்தனை மணி நேரத்தில் நிரப்புவது? பொதுவாக 12 முதல் 24 மணி நேரம். பார்வோவில் இழப்பு வேகமாக நடந்திருக்கிறது, இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை, அதனால் 12 மணி நேரம் எடுக்கிறேன். இதய முணுமுணுப்பு கேட்கிறது என்றாலோ புரதம் ஏற்கெனவே மிகக் குறைவு என்றாலோ 24-க்கு நீட்டுவதே நல்லது. 220 ÷ 12 = மணிக்கு சுமார் 18 மில்லி.

இரண்டாவது பகுதி, அன்றாடத் தேவை. வளர்ந்த நாய்க்குக் கிலோவுக்கு 60 மில்லி என்று பலருக்கும் மனப்பாடம், அதைக் குட்டிக்குப் போட்டால் குறையும். குட்டியின் உடம்பில் நீரின் பங்கு அதிகம், எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம், சிறுநீரகம் இன்னும் சிறுநீரை நன்றாகச் செறிவாக்கப் பழகவில்லை. பால் மறந்த குட்டிக்கு நாளுக்குக் கிலோவுக்கு 80 முதல் 120 மில்லி என்று எடுப்பார்கள். நடுவே 100 எடுத்தால் 400 மில்லி, 24-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 17 மில்லி.

மூன்றாவது பகுதிதான் பார்வோவில் எல்லாரும் கோட்டை விடும் இடம். இனிமேல் போகப்போவது. மேலே உள்ள இரண்டையும் கச்சிதமாகப் போட்டுவிட்டு இதைச் சேர்க்காமல் விட்டால், ராத்திரி முழுக்க டிரிப் ஓடிய குட்டி காலையில் வந்ததைவிடக் காய்ந்திருக்கும். முதல் நான்கு மணி நேரத்துக்கு நம்மிடம் அளவு இல்லை, அதனால் மணிக்குக் கிலோவுக்கு 2 மில்லி என்று ஒரு ஊகம் வைக்கிறேன், நம் குட்டிக்கு 8 மில்லி. அதற்கப்புறம் ஊகத்துக்கு இடமில்லை, அளந்தே ஆக வேண்டும்.

அளப்பது சுலபம். கூண்டில் விரிக்கும் பேடைப் போடும் முன் எடை போட்டு அதன் மேலேயே எழுதுங்கள். அழுக்கானதும் மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம் 1 கிராம் என்றால் 1 மில்லி. வாந்தி, கழிச்சல் இரண்டையும் எழுதுங்கள். சிறுநீர் மட்டும் நனைத்த பேடைத் தனியாகக் குறியுங்கள், அது அன்றாடத் தேவைக் கணக்கிலேயே அடங்கிவிட்டது, இங்கே மறுபடி சேர்த்தால் இரட்டிப்பாகும்.

கூட்டுவோம். 18 + 17 + 8 = மணிக்கு 43 மில்லி. கிலோவுக்கு மணிக்குப் பதினொன்று மில்லி அளவு.

மில்லியைச் சொட்டாக்குவது

இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் 43 என்று அழுத்திவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். இல்லாத இடத்தில் சொட்டு எண்ண வேண்டும், பெரிய விபத்துகள் நடப்பது இங்கேதான்.

டிரிப் செட்டின் உறையில் ஒரு எண் அச்சாகியிருக்கும், எத்தனை சொட்டு சேர்ந்தால் 1 மில்லி என்று. மைக்ரோ செட் என்றால் 60. சாதாரண மேக்ரோ செட் 10, 15, 20 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சூத்திரம் இவ்வளவுதான்:

மணிக்கு மில்லி × செட்டின் எண் ÷ 60 = நிமிடத்துக்குச் சொட்டு

மைக்ரோ செட்டில் 43 × 60 ÷ 60 = நிமிடத்துக்கு 43 சொட்டு. அதாவது மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே வேண்டாம். 20 சொட்டு செட்டில் 43 × 20 ÷ 60 = 14 சொட்டு, ஏறக்குறைய நான்கு விநாடிக்கு ஒன்று.

இப்போது தவறு எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் "43 சொட்டு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் மனதில் இருந்தது மைக்ரோ செட். நடுராத்திரியில் குழாய் அடைத்துக்கொள்ள, கையில் கிடைத்த 20 சொட்டு செட்டை மாட்டி அதே 43 சொட்டை வைக்கிறார்கள். மணிக்கு 129 மில்லி போகிறது, மூன்று மடங்கு. நான்கு மணி நேரத்தில் அரை லிட்டர் பாட்டில் காலி. யாரும் அலட்சியமாக இல்லை, எண் மட்டும் தன் அலகை விட்டுப் பிரிந்துவிட்டது. அதனால் தாளில் எப்போதும் மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும்: மணிக்கு 43 மில்லி, 60 சொட்டு செட், நிமிடத்துக்கு 43 சொட்டு.

சிறு குட்டிக்கு மைக்ரோ செட்டையே வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோவில் நிமிடத்துக்கு 14 சொட்டு வைக்கும்போது இரண்டு சொட்டு பிசகினாலே மணிக்கு 6 மில்லி மாறிவிடும். மைக்ரோவில் அதே பிசகு 2 மில்லிதான்.

சொட்டை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காமல் முழு நிமிடம் எண்ணுங்கள். குட்டி காலை மடக்கினால் ஓட்டம் குறையும், நீட்டினால் திடீரென்று வேகம் பிடிக்கும், எழுந்து நின்றால் பாட்டிலுக்கும் கனுலாவுக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறி அதுவும் வேகத்தை மாற்றும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு அரை மணிக்கு ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்திரியை நீளமாக ஒட்டி, இந்த மணிக்கு இந்தக் கோடு என்று குறித்துவிடுங்கள். 8 மணிக்கு இருக்க வேண்டிய மட்டத்துக்கு 7 மணிக்கே வந்துவிட்டால் எண்ணாமலே தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு, புரெட் செட். பாட்டிலுக்கும் குழாய்க்கும் நடுவே 100 மில்லி கொள்ளும் அளவுக் குடுவை அது. இரண்டு மணி நேரத்துக்கு உரிய 86 மில்லியை மட்டும் அதில் இறக்கிவிட்டு மேல் கிளாம்பை மூடிவிட வேண்டும். கீழே உள்ள உருளைக் கிளாம்ப் முழுக்கத் திறந்துகொண்டாலும் 86-க்கு மேல் போக வழியில்லை. 500 மில்லி பாட்டில் நேராகத் தொங்கி அது திறந்துகொண்டால் 4 கிலோ குட்டிக்குக் கிலோவுக்கு 125 மில்லி, ஷாக் அளவையே தாண்டிவிடும். புரெட் கிடைக்கவில்லை என்றால், பாட்டிலில் இருந்து அதிகப்படியைச் சுத்தமான சிரிஞ்சால் எடுத்துவிட்டு, மொத்தமாகப் போனாலும் குட்டி தாங்கும் அளவை மட்டும் தொங்கவிடலாம்.

பொட்டாசியம்: வேகத்தோடு கட்டிப்போட்ட கணக்கு

சாப்பிடாமல், வாந்தியும் கழிச்சலுமாக இருக்கும் குட்டிக்குப் பொட்டாசியம் கிட்டத்தட்ட நிச்சயமாகக் குறையும். குறைந்தால் தலையைத் தூக்க முடியாத சோர்வு வரும், குடல் அசைவு நின்றுபோய் வாந்தி இன்னும் கூடும். ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு 4 மில்லிஈக்விவலன்ட்தான் இருக்கிறது, போதாது. ரத்தப் பரிசோதனை இல்லாதபோது லிட்டருக்கு 20 சேர்ப்பது வழக்கம், பரிசோதனையில் மிகக் குறைவாக வந்தால் 40 வரையோ அதற்கு மேலோ மருத்துவர் சொல்லுவார்.

உச்சவரம்பு ஒன்று உண்டு. பொட்டாசியம் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிஈக்விவலன்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுபோகலாம். நம் குட்டிக்கு மணிக்கு 2 மில்லிஈக்விவலன்ட் என்பதே எல்லை.

லிட்டருக்கு 40 சேர்த்த பாட்டில் என்று வைத்துக்கொள்வோம், திரவத்தில் ஏற்கெனவே உள்ள 4-ஐயும் சேர்த்து 44. மணிக்கு 43 மில்லி ஓடினால் 1.9, எல்லைக்குள் இருக்கிறது. நான்கு மணி நேரம் கழித்துக் கழிச்சல் கூடிவிட்டது என்று அதே பாட்டிலை மணிக்கு 51 மில்லிக்கு ஏற்றினால் 2.2. திரவத்தை மட்டும்தான் கூட்டினோம் என்று நினைத்தோம், பொட்டாசியம் எல்லையைத் தாண்டிவிட்டது. அதனால் வேகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் பொட்டாசியத்தை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 20 சேர்த்த பாட்டில் என்றால் 51-லும் மணிக்கு 1.2தான் வரும், கவலையில்லை.

அளப்பது எப்படி? ஆம்பூல்களில் செறிவு வேறுபடும், பெயரைப் பார்க்காமல் எண்ணைப் படியுங்கள். மில்லிக்கு 2 மில்லிஈக்விவலன்ட் உள்ள பொட்டாசியம் குளோரைடு என்றால், 500 மில்லி பாட்டிலில் லிட்டருக்கு 20 என்ற அளவு வர 10 மில்லிஈக்விவலன்ட் வேண்டும், அதாவது 5 மில்லி. சேர்த்த பிறகு பாட்டிலைப் பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் ஏற்றிவிட்டு அப்படியே விட்டால், கனமான பொட்டாசியம் அடியில் தேங்கி முதலில் அதுவே இறங்கும். பாட்டில் மேல் பெரிய எழுத்தில் "பொட்டாசியம் உள்ளது, போலஸ் கூடாது" என்று எழுதுங்கள். போலஸுக்கு எப்போதும் தனிப் பாட்டில். நேராகக் குழாய்க்குள் பொட்டாசியம் ஊசி போடுவது, எந்த அளவாக இருந்தாலும், குட்டியைக் கொல்லும்.

ஷாக் தீர்ந்து சிறுநீர் வருவதைப் பார்த்த பிறகே பொட்டாசியம் ஆரம்பியுங்கள்.

நான்கு மணி நேரம் கழித்து

இந்தத் திட்டத்துக்கு ஆயுள் நான்கு மணி நேரம், அதற்கு மேல் அது பழைய தாள். பேடுகளை எடை போட்டதில் 48 மில்லி போயிருக்கிறது. நாம் ஊகித்துக் கொடுத்தது 8 × 4 = 32. அப்படியென்றால் 16 மில்லி பாக்கி விழுந்திருக்கிறது. உண்மையான இழப்பு மணிக்கு 12, பாக்கியை அடுத்த நான்கு மணி நேரத்தில் மணிக்கு 4 என்று தீர்த்துவிடலாம். புதிய வேகம் 18 + 17 + 12 + 4 = மணிக்கு 51 மில்லி. மைக்ரோ செட்டில் 51 சொட்டு, 20 சொட்டு செட்டில் 17.

எட்டு மணி நேரத்தில் இதே கணக்கு மறுபடி. பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் முதல் பகுதியான 18-ஐ எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பழைய பாக்கி தீர்ந்திருக்க வேண்டும். "இருக்க வேண்டும்" என்பதைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். 320 மில்லி உள்ளே தங்கியிருந்தால் குட்டி 4.3 கிலோ பக்கம் வந்திருக்கும், ஈறு வழவழப்பாக இருக்கும். எடை இன்னும் 4.1-இலேயே நின்று தோலும் கூடாரமாக நின்றால், 8 என்று போட்டது குறைவு, அல்லது இழப்பு நம் கண்ணில் படாமல் எங்கோ போயிருக்கிறது. அப்போது 18-ஐ எடுக்காமல் புதிதாக மதிப்பிட்டு மறுபடி போட வேண்டும்.

பார்வோவில் தராசு ஒரு விதத்தில் ஏமாற்றும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடல் அசையாமல் நிறைய திரவம் குடலுக்குள்ளேயே தேங்கிவிட்டால் எடை ஏறும், ஆனால் அந்தத் திரவம் ரத்தக் குழாயில் இல்லை. எடை கூடியிருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, ஆனால் ஈறு காய்ந்து நாடி பலவீனமாக இருக்கிறது என்றால் நம்ப வேண்டியது நாடியைத்தான்.

சிறுநீரும் நல்ல சாட்சி. நன்றாக நிரம்பிய குட்டி மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி சிறுநீர் கழிக்கும், நம் குட்டிக்கு மணிக்கு 4 முதல் 8 மில்லி. ஐந்தாறு மணி நேரம் ஆகியும் ஒன்றுமே இல்லை, வயிற்றைத் தடவினால் மூத்திரப்பையும் தட்டுப்படவில்லை என்றால் திரவம் போதவில்லை என்றே முதலில் நினைக்க வேண்டும். நன்றாக நிரம்பிய பிறகும் வரவில்லை என்றால் சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவர் யோசிக்க வேண்டும், உடனே பொட்டாசியத்தை நிறுத்த வேண்டும்.

அதிகமாகிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது

குட்டி தூங்கும்போது மூச்சை முழு நிமிடம் எண்ணி ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள், அதன் பிறகு மணிக்கு ஒரு முறை. மிகையின் முதல் தடயம் பெரும்பாலும் மூச்சில்தான் தெரியும். 24 இருந்தது 30, அப்புறம் 38 என்று படிப்படியாக ஏறினால், குட்டி பார்க்க நன்றாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூக்கில் தண்ணீர் போல ஒழுகுவது, கண்ணின் வெள்ளைப் படலம் நீர் கோத்து உப்புவது, படுக்க முடியாமல் தவிப்பது, இருமல் எல்லாம் அடுத்து வரும். ஈரமான இருமலும் வாய் திறந்த மூச்சும் வந்துவிட்டால் டிரிப்பை மூடிவிட்டு ஆக்சிஜன் வைக்க வேண்டும், மருத்துவர் ஃபுரோஸமைடு முடிவு செய்வார்.

பார்வோவில் வேறு மாதிரி வீக்கம் ஒன்று வரும், அதை வேகத்தின் தவறு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. குடல் வழியாக ஆல்புமின் கசிந்துகொண்டே இருக்கிறது. நாம் ஏற்றும் திரவம் மிச்சத்தையும் நீர்க்கச் செய்கிறது. ஆல்புமின் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்கினால், ஏற்றிய திரவம் குழாய்க்குள் நிற்காமல் வெளியே கசிந்து பின்னங்கால் மூட்டு, தொண்டைக்குக் கீழ், பாதம் என்று மெத்தென்று வீங்கும். விரலால் அழுத்தினால் குழி நிற்கும். அதே நேரம் நாடி பலவீனமாகவே இருக்கும். இந்த நிலையில் ரிங்கர் லாக்டேட்டைக் கூட்டினால் வீக்கம் கூடும், ரத்த ஓட்டம் கூடாது. பிளாஸ்மா அல்லது வேறு கொலாய்டு வேண்டுமா என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய கட்டம் இது. அதனால்தான் முதல் நாளே ரத்தத்தின் அணுப் பங்கையும் மொத்தப் புரதத்தையும் பார்த்துவிட்டுத் தினமும் தொடர வேண்டும் என்று சொல்கிறோம்.

ஒவ்வொரு முறை வேகம் எண்ணும்போதும் கனுலா போட்ட காலின் விரல்களையும் மேலே உள்ள தோலையும் தொட்டுப் பாருங்கள். கனுலா நழுவி திரவம் தோலுக்கடியில் போய்க்கொண்டிருக்கும், சொட்டு மட்டும் அழகாக விழுந்துகொண்டிருக்கும். கட்டு கழிச்சலில் நனைந்தால் உடனே மாற்றுங்கள், வெள்ளணு இல்லாத குட்டிக்கு அந்த ஓட்டை வழியாகவே ரத்தத்தில் கிருமி ஏறும்.

தோலுக்கடியில் கொடுத்தால் போதாதா?

ஷாக்கில் இருக்கும் குட்டிக்குப் போதாது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால், முதுகில் போட்ட திரவம் அப்படியே மூட்டையாக நிற்கும். கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டியின் வெளிநோயாளி முறையில் நாளுக்குக் கிலோவுக்கு 120 மில்லியைப் பல முறையாகப் பிரித்துத் தோலுக்கடியில் கொடுத்தார்கள், நல்ல பலனும் கிடைத்தது. ஆனால் அந்தக் குட்டிகளுக்கு முதலில் ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றி ஷாக்கைத் தீர்த்த பிறகே அது ஆரம்பித்தது. அந்த முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. டெக்ஸ்ட்ரோஸ் கலந்த எதையும் தோலுக்கடியில் போடவும் கூடாது, அது சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும், புண்ணாகும், சீழ் பிடிக்கும். நரம்பு கிடைக்காத அளவுக்குக் குட்டி சுருங்கியிருந்தால் தொடை எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி வைத்து மருத்துவர் ஏற்றலாம், குழாயில் போவதற்கு நிகராக அது வேலை செய்யும்.

எப்போது குறைப்பது

வாந்தி நின்று 12 மணி நேரம் ஆகிவிட்டது, கழிச்சல் கெட்டிப்படுகிறது, மூக்கை நீட்டிச் சாப்பாட்டை முகர்கிறது என்றால் குறைக்கலாம். ஒரேயடியாக மூடிவிட வேண்டாம். நம் குட்டி மணிக்கு 27 மில்லியில் இருந்தால், முதலில் 20, எட்டு மணி நேரம் கழித்து எடையும் ஈறும் அப்படியே இருந்தால் 13, அடுத்து 7, பிறகு நிறுத்தம். வாயால் குடிப்பதையும் அளந்து எழுதுங்கள், குடித்துத் தங்கிய ஒவ்வொரு மில்லியும் டிரிப்பிலிருந்து கழிய வேண்டிய மில்லி. குறைத்த பிறகு எடை இறங்க ஆரம்பித்தால் ஒரு படி பின்னால் போய் அங்கேயே இன்னொரு எட்டு மணி நேரம் நில்லுங்கள். கனுலாவை டிரிப் நின்ற அன்றே கழற்ற வேண்டாம், ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பார்வோ குட்டி மறுபடி வாந்தி எடுக்க ஆரம்பித்தால், சுருங்கிப்போன நரம்பை அதிகாலை மூன்று மணிக்குத் தேட வேண்டியிருக்காது.